‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று மட்டும் வந்தால் தொடர்வதா, கேட்பதா?

கேள்வி: “பட்டர்வொர்த்தில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கதை எழுதிப் பழகுவதற்காக, உரையாடும் மொழி மாதிரி ஒன்றை இணைத்து என் தம்பி ஒரு சிறிய செயலி செய்து கொடுத்தான். பிள்ளைகள் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்’ என்று மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். செயலி உடனே நான்கு கேள்விகள் கேட்கிறது; பிள்ளைகள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேள்வியே கேட்காதே என்று மாற்றினால், எதைக் கொடுத்தாலும் கதையாகக் கொட்டுகிறது. ஐயா, தொடரச் சொல்வதா, கேட்கச் சொல்வதா?”

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த ஒற்றை வரிக்குத் தொடரச் சொல்லுங்கள். கேள்வி வேண்டாம். ஆனால் அரைகுறையாக வரும் எல்லா வரிகளுக்கும் அதே விடை பொருந்தாது. உங்கள் செயலி ஒரு நாள் அதிகமாகக் கேட்பதும் மறுநாள் அளவில்லாமல் கொட்டுவதும் அதனால்தான். கோலாலம்பூரில் இத்தகைய செயலிகளுக்குச் சிஸ்டம் பிராம்ப்ட், அதாவது மாதிரிக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கும் நிலையான கட்டளை, எழுதுவதும் சோதிப்பதும் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தம்பியிடமும் காட்டுங்கள்.

முதலில், மாதிரி ஏன் தடுமாறுகிறது என்று பார்ப்போம். மொழி மாதிரி அடிப்படையில் செய்வது ஒரே வேலை: இதுவரை வந்த எழுத்தைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று கணிப்பது. 2019இல் ஜிபிடி-2 என்ற மாதிரி வெளிவந்தபோது அதன் திறமையைக் காட்டப் பயன்பட்டதே ஒரு தொடக்கம்தான். ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஒற்றைக்கொம்புக் குதிரைகளைக் கண்டுபிடித்ததாக மனிதர் எழுதிய ஒரு கற்பனைச் செய்தியின் முதல் வாக்கியங்களைக் கொடுத்தார்கள். மீதியை அது எழுதியது. அந்தக் காலத்து மாதிரியிடம் உங்கள் கேள்வியே எழாது. தொடர்வதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

அதன் குறை வேறிடத்தில் தெரிந்தது. 2022இல் ஓபன்ஏஐ நிறுவனம் இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி என்ற மாதிரியை அறிமுகப்படுத்தியபோது காட்டிய எடுத்துக்காட்டு இது: நிலவில் மனிதன் இறங்கியதை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சில வாக்கியங்களில் விளக்கு என்று பழைய ஜிபிடி-3க்குக் கொடுத்தார்கள். அது விளக்கவில்லை. ஈர்ப்பு விசையை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கு, சார்பியல் கொள்கையை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கு என்று அதேபோன்ற கட்டளைகளை அடுக்கிக்கொண்டு போனது. கட்டளையையும் ஒரு தொடக்கமாகவே பார்த்து நீட்டிவிட்டது. இந்தப் பழக்கத்தை மாற்றத்தான், மனிதர்கள் எழுதிக் காட்டிய பதில்களையும், எந்தப் பதில் மேல் என்று அவர்கள் சொன்ன தீர்ப்புகளையும் கொண்டு மறுபயிற்சி கொடுத்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் உரையாடல் மாதிரிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அப்படிப் பழக்கப்பட்டவைதாம்.

பழக்கிய பிறகு எதிர்ப்பக்கத்துக் கோளாறு வந்தது. எது வந்தாலும் அதை ஒருவர் தன்னிடம் சொன்ன பேச்சாகவே மாதிரி எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளை ஒட்டிய வரி மாதிரியை அடையும்போது வெறும் வரியாக இருப்பதில்லை. சாட்எம்எல் என்ற அமைப்பைப் பின்பற்றும் மாதிரிகளுக்கு அது இப்படிப் போய்ச் சேர்கிறது:

```
<|im_start|>user
ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்.<|im_end|>
<|im_start|>assistant
```

மற்ற மாதிரிகளில் குறியீடுகள் வேறாக இருக்கலாம், கருத்து ஒன்றுதான். ராஜா இருந்தார் என்றதும் அங்கே ஒரு முற்றுக்குறி விழுகிறது. ‘பயனர் பேசி முடித்துவிட்டார், இனி உன் முறை’ என்பது அதன் பொருள். பேசி முடித்தவர் ஒன்றும் கேட்கவில்லையே என்று மாதிரிக்குத் தோன்றினால், என்ன வேண்டும் என்று அது திருப்பிக் கேட்கிறது. பயிற்சியின்போது, தெளிவற்ற வேண்டுகோளுக்கு விளக்கம் கேட்பதை நல்ல பதில் என்று மதிப்பிட்டிருந்தால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். அலுவலகக் கடிதம், கணக்கு, சட்ட விவரம் போன்றவற்றுக்கு அது நல்ல பழக்கம். பத்து வயதுப் பிள்ளையின் ராஜாவுக்கு அல்ல.

ஏன் அல்ல? கேட்பதற்கும் ஊகிப்பதற்கும் தனித்தனியாக ஒரு விலை இருக்கிறது. ஊகம் தவறினால் பிள்ளை இழப்பது அரை நிமிட வாசிப்பு. கேள்வி கேட்டால் இழப்பது எழுத வந்த வேகம். அதுவும் உங்கள் செயலி கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். எத்தனை சொற்கள், எந்த வகைக் கதை, யாருக்காக, முடிவு எப்படி என்றுதானே கேட்கும்? பெரும்பாலான மாதிரிகள் இவற்றைத்தான் கேட்கின்றன. தேர்ந்த எழுத்தாளரே கதையை எழுதிப் பார்த்த பிறகுதான் இவற்றுக்கு விடை சொல்வார். நான்காம் ஆண்டுப் பிள்ளை மூடிவிட்டுப் போவதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதிக் காட்டிய ஊகமே ஒரு கேள்வியின் வேலையைச் செய்துவிடும். ராஜா வேட்டைக்குப் போனார் என்று நான்கு வரி வந்ததும், “வேட்டை வேண்டாம், அவர் சமைக்கட்டும்” என்று பிள்ளை சொல்லும். எந்த வகைக் கதை வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை இந்த விடையை ஒருகாலும் தந்திருக்காது. கண்முன் ஒன்று இருந்தால் மறுப்பது எளிது. வெறுமையைப் பார்த்து விருப்பம் சொல்வது கடினம்.

அதோடு, ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்ற வரி பார்வைக்கு அரைகுறையாக இருந்தாலும் நிறையத் தகவல் தருகிறது. இது கதை, நடந்த செய்தி அல்ல என்று அதுவே சொல்லிவிடுகிறது. கேட்பவர் ‘உம்’ கொட்டி உட்கார, சொல்பவர் மேலே போவார் என்ற ஒப்பந்தம் அதற்குள் இருக்கிறது. பாட்டியிடம் ஒரு பிள்ளை அந்த வரியைச் சொல்லி நிறுத்தினால், எத்தனை சொற்களில் வேண்டும் என்று எந்தப் பாட்டியும் கேட்கமாட்டார். மலாயில் ‘பாடா ஸமான் டஹுலு’ என்று தொடங்கினாலும் இதே ஒப்பந்தம்தான். உங்கள் பிள்ளைகளில் சிலர் அப்படியும் தட்டுவார்கள். தமிழ் வகுப்பு என்பதால் அதற்குத் தமிழில் தொடர்வதா மலாயிலா என்பதை நீங்கள் தீர்மானித்துச் சிஸ்டம் பிராம்ப்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாதிரியின் போக்குக்கு விட்டால் வந்த மொழியிலேயே போகும்.

தொடர்வது என்று முடிவான பிறகு, எப்படித் தொடர்வது என்பதில்தான் பெரும்பாலான செயலிகள் சறுக்குகின்றன. ‘எதைக் கொடுத்தாலும் கதையாகக் கொட்டுகிறது’ என்று நீங்கள் சொன்னதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் மாதிரி மூன்று காரியம் செய்யும். பிள்ளை கொடுத்த வரியைத் திரும்ப எழுதித் தொடங்கும். கதையை முழுதாக முடித்துவிடும்: ராஜாவுக்குப் பிரச்சினை வரும், ஓர் ஏழை விவசாயி தீர்த்துவைப்பார், ராஜா திருந்துவார், கீழே நீதி ஒன்று தொங்கும். இதற்கெல்லாம் மேலே ‘நல்லாட்சி தந்த ராஜா’ என்பதுபோல் ஒரு தலைப்பு வேறு வைக்கும். கதை முடிந்துவிட்டால் பிள்ளைக்கு எழுத என்ன மிச்சம்? எழுதப் பழக வந்த பிள்ளையை வாசகராக்கி அனுப்பிவிடுகிறது செயலி. எனவே தொடரச் சொல்லும்போதே, எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘சுருக்கமாக எழுது’ என்பதைவிட ஒரு மாதிரிப் பகுதியைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும். உங்கள் பிள்ளையின் வரிக்கு நானே எழுதிய பகுதி இது. சிஸ்டம் பிராம்ப்டில் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

“ராஜாவுக்கு எல்லாம் இருந்தது, தூக்கம் மட்டும் இல்லை. அரண்மனைக்குப் பின்னால் ஒரு பெரிய டுரியான் மரம் நின்றது. இரவானால் ‘தொப்’பென்று பழம் விழும். ராஜா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். மரத்தை வெட்டிவிடலாம் என்றார் மந்திரி. அப்புறம் பழத்தை நீங்களா காய்ப்பீர்கள் என்றார் ராணி. அன்றிரவும் ‘தொப்’பென்று சத்தம் கேட்டது. ஆனால் காலையில் மரத்தடியில் பழம் இல்லை. சின்னஞ்சிறு காலடித் தடங்கள் மட்டும் இருந்தன.”

இதில் கவனிக்க வேண்டியவை சில. பிள்ளையின் வரி திரும்ப வரவில்லை. அது நின்ற இடத்திலிருந்தே அடுத்த வாக்கியம் புறப்படுகிறது. முதல் வாக்கியத்திலேயே ராஜாவுக்கு ஒரு குறை வந்துவிட்டது. குறை இல்லாத ராஜாவை வைத்துக்கொண்டு பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. மந்திரி ஒன்று சொல்ல, ராணி வேறொன்று சொல்கிறார். அதனால் அடுத்த பேச்சை எழுதுவது பிள்ளைக்கு எளிதாகிறது. திருடன் யார் என்பது சொல்லப்படவில்லை. குரங்கா, குட்டி யானையா, தூக்கம் வராத இளவரசியா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். முடிவில் ‘தொடரவா?’ என்று கேட்கும் வரியும் இல்லை. காலடித் தடமே அதைக் கேட்டுவிடுகிறது.

டுரியான் இருக்கிறதே, எல்லாவற்றையும் உள்ளூராக்கிவிடு என்று கட்டளை போட்டுவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். ‘பினாங்குச் சூழலில் எழுது’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லாக் கதையிலும் பினாங்கு பாலமும் கொடிமலையும் வந்து நிற்கும், சுற்றுலாக் கையேடுபோல. ஒரு நல்ல எடுத்துக்காட்டு போதும். ஆனால் ஒன்றே ஒன்றை வைத்தால் எல்லா ராஜாவுக்கும் டுரியான் மரம் முளைக்கும் அபாயமும் உண்டு. எனவே மீன்பிடிப் படகு, ரப்பர்த் தோட்டம், மழைவெள்ளம் என்று வேறு வேறு பொருளை வைத்து நீங்களே இன்னும் இரண்டு எழுதிச் சேருங்கள்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. பிள்ளை ‘ராஜா இருந்தார்’ என்று எழுதினால் மரியாதைப் பன்மை. ‘இருந்தான்’ என்று எழுதினால் ஒருமை. ‘இருந்தாராம்’ என்று எழுதினால், கேட்டதைச் சொல்லும் கதைசொல்லியின் குரல். தொடரும் பகுதி அதே குரலில் இருக்க வேண்டும். மாதிரிகள் ‘இருந்தாராம்’ என்பதற்கு ஒன்றிரண்டு வாக்கியம் ‘ஆம்’ போட்டுவிட்டு, பிறகு நாளிதழ் நடைக்கு வழுக்கிவிடுவதுண்டு. ‘ஒரு ஊர்ல’ என்று பேச்சுத் தமிழில் தட்டிய பிள்ளைக்கு ‘ஓர் ஊரில்’ என்று திருத்தி ஆரம்பிப்பதும் நடக்கும். இலக்கணப்படி ‘ஓர் ஊரில்’ சரிதான். அதைச் சொல்ல வேண்டியது நீங்கள், வேறொரு நாளில். கதை தொடரும் நேரத்தில் திருத்தம் நுழைந்தால் பிள்ளை அதைத் தொடர்ச்சியாகப் பார்க்காது, சிவப்பு மையாகவே பார்க்கும்.

சிறு கதைகளின் தொடக்கத்தைக் கொடுத்து மாதிரியைச் சோதிப்பது ஆய்வாளர்களிடமும் இருக்கும் முறைதான். 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரோனென் எல்டான், யுவான்ஷி லி இருவரும் டைனிஸ்டோரீஸ் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும் ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்து, பெரிய மாதிரிகளைக் கொண்டு உருவாக்கிய சிறு கதைகள் அவை. பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்களான அளவுருக்கள் ஒரு கோடிக்கும் குறைவாகக் கொண்ட மிகச் சிறிய மாதிரிகளும் அவற்றைப் படித்துக் கோவையாகக் கதை சொல்லின. அவற்றை மதிப்பிட்ட விதம்தான் நமக்கு வேண்டியது: கதையின் தொடக்கத்தைக் கொடுத்து, மீதியை எழுதவிட்டு, இலக்கணம், கற்பனை, கொடுத்த தொடக்கத்தோடு பொருத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். மூன்றாவதை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். வந்த கதை அழகாக இருக்கிறதா என்பதைவிட, பிள்ளையின் வரியிலிருந்து அது பிறந்ததா என்பதையே பாருங்கள்.

இனி, எங்கே கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

முதல் இடம், பிள்ளையே எழுதிய அரைப் பக்கம். மூன்று பத்தி எழுதி, ‘அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது’ என்று நிறுத்தி ஒட்டுகிறது ஒரு பிள்ளை. தொடரச் சொல்கிறதா, பிழை திருத்தச் சொல்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறதா? மூன்றுக்கும் சம வாய்ப்பு. ஊகம் தவறினால் இழப்பும் பெரிது: பிள்ளை உழைத்து உருவாக்கிய பாத்திரங்களைச் செயலி தன் இஷ்டத்துக்கு நடத்திவிடும். இங்கே ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதுவும் தேர்வு செய்யும் வடிவில் இருக்கட்டும்: தொடரவா, திருத்தவா? முடிந்தால் அதைத் தம்பி இரண்டு பொத்தானாகவே போட்டுவிடட்டும். பிள்ளை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இதற்கு மேல் இரண்டாவது கேள்வி வரக்கூடாது.

கேள்வித்தாளிலிருந்து ஒட்டிய தொடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘80 சொற்களுக்குக் குறையாமல்’ என்று கூடவே இருந்தால் அது தேர்வுப் பயிற்சி. முழுக் கட்டுரையாக எழுதிக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் வகுப்பு விதி.

இரண்டாவது இடத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ‘அன்று அப்பா வீட்டுக்கு வரவில்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தார்’ என்று ஒரு பிள்ளை ஒட்டுகிறது. வடிவத்தில் இதுவும் தொடக்கம்தான். நல்ல தொடக்கமும்கூட. ஆனால் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ தரும் உறுதி இதில் இல்லை. இது கதையாக இருக்கலாம். நேற்றிரவு வீட்டில் நடந்ததாகவும் இருக்கலாம். எப்போதும் தொடர் என்று கட்டளையிட்ட செயலி இதையும் விறுவிறுப்பாகத் தொடரும். அப்பாவுக்கு விபத்து என்று எழுதும். பயிற்சியில் படித்த கதைகளில் வீடு திரும்பாத அப்பாக்களுக்குப் பெரும்பாலும் அதுதானே நடக்கிறது. உண்மையிலேயே அப்பா வராத பிள்ளை அதைப் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே கேட்பதே சரி. இது நீ எழுதும் கதையா, உனக்கு நடந்ததா என்று மென்மையாக ஒரு கேள்வி. கதை என்றால் தொடரலாம். நடந்தது என்றால் அங்கே செயலியின் வேலை முடிந்துவிட வேண்டும். ஆசிரியரிடம் பேசு என்று சொல்வதோடு, அந்த உரையாடல் உங்கள் பார்வைக்கு வரும்படி தம்பி செய்து வைக்க வேண்டும். பிள்ளை பதிலே சொல்லாமல் மூடிவிட்டாலும் வர வேண்டும்.

சொந்த வாழ்க்கை வரி எது, கதை வரி எது என்று மாதிரி எப்போதும் சரியாகப் பிரித்துவிடாது. ‘நான் ஒரு குடை’ என்ற தன்கதைக் கட்டுரையும் ‘நான்’ என்றுதான் ஆரம்பிக்கும். அதைப் பார்த்து உனக்கு நடந்ததா என்று செயலி கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பக்கம் தவறினால் போவது ஒரு சிரிப்பு. மறுபக்கம் தவறினால் போவது அதுவல்ல.

இவ்வளவையும் சிஸ்டம் பிராம்ப்டாக எழுதினால் இவ்வளவுதான் வரும்:

```
இது 10, 11 வயதுப் பிள்ளைகளின் கதை வகுப்பு.
கதையின் தொடக்கம் மட்டும் வந்தால், எதுவும் கேட்காமல்
அதே நடையில் ஆறு முதல் ஒன்பது வாக்கியம் தொடர்ந்து எழுது.
வந்த வரியைத் திரும்ப எழுதாதே, திருத்தாதே. தலைப்பும் நீதியும் வேண்டாம்.
கதையை முடிக்காதே. ஏதோ நடக்கப்போகும் இடத்தில் நிறுத்து.
பிள்ளையே எழுதிய நீண்ட பகுதி வந்தால், ஒரே கேள்வி: தொடரவா, திருத்தவா?
பிள்ளையின் சொந்த வாழ்க்கையாக இருக்கக்கூடியது வந்தால்
தொடராதே. கதையா, நடந்ததா என்று மென்மையாகக் கேள்.
```

இதன் கீழே நீங்கள் எழுதிய எடுத்துக்காட்டுகள் வரட்டும். ‘கேள்வியே கேட்காதே’ என்ற உங்கள் பழைய வரியை நீக்கிவிடுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் கடைசி விதியை மாதிரி மீறக்கூடும்.

தம்பிக்கு இரண்டு செய்திகள். முதலாவது, அளவுக் கட்டுப்பாட்டை `max_tokens` என்ற எண்ணை மட்டும் குறைத்துச் செய்ய வேண்டாம். அந்த எண் வந்ததும் எழுத்து அப்படியே அறுந்துவிடும். கதை நல்ல இடத்தில் நிற்காது. தமிழில் இது இன்னும் மோசம். மாதிரி தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தைவிடச் சின்னத் துண்டுகளாக, அதாவது டோக்கன்களாக, வெட்டி எண்ணுவதால், ஒரே அளவு எண்ணுக்குக் கதை சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒரே தமிழ் எடுத்துக்காட்டுக்கு முன்பு 116 டோக்கன் ஆனது, ஜிபிடி-4ஓவில் 35 ஆகக் குறைந்தது என்று 2024 மே மாதம் ஓபன்ஏஐ காட்டியது. மாதிரிக்கு மாதிரி அவ்வளவு வேறுபாடு. ஆகவே எண்ணைத் தாராளமாக வைத்துவிட்டு, நீளத்தை வாக்கியக் கணக்கில் சொல்வதே நல்லது. பதிலோடு வரும் `finish_reason` என்ற இடத்தில் `length` என்று இருந்தால் கதை பாதியில் அறுபட்டது என்று பொருள். அதைப் பிள்ளைக்குக் காட்டாமல் கடைசி முழு வாக்கியம்வரை வெட்டிக் காட்டலாம்.

இரண்டாவது, `temperature`: மாதிரியின் சொல் தேர்வு ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எண். அதைப் பூஜ்யத்தில் வைத்திருந்தால், வரிசையாக உட்கார்ந்து ஒரே வரியை ஒட்டிய பிள்ளைகள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே ராஜா வருவார். அடுத்த இருக்கையை எட்டிப் பார்த்ததும் விளையாட்டு செத்துவிடும். 0.8, 1 என்ற அளவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிகவும் ஏற்றினால் தமிழ் உடையத் தொடங்கும்: வேற்றுமை உருபு தப்பும், இல்லாத சொல் முளைக்கும். சில மாதிரிகளில் இந்த எண்ணை மாற்ற இயலாது. அங்கே ராஜாவுக்கு வரும் குறைகளை ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தம்பியின் நிரலே எடுத்துக் கொடுக்கலாம்.

சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, செயலி எழுதிய கதைகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையின் அடுத்த செய்தியைப் படியுங்கள். கதையின் அடுத்த வாக்கியத்தைப் பிள்ளை எழுதியிருந்தால் தொடர்ச்சி பிடித்துக்கொண்டது. ‘வேண்டாம், அவர் சமைக்கட்டும்’ என்று வந்தாலும் நல்லதே. ஊகம் தவறியும் உரையாடல் நடக்கிறது. அதே தொடக்க வரியை மறுபடி ஒட்டியிருந்தால் கதை பிடிக்கவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை என்று பொருள். அங்கே ‘வேறு மாதிரி’ என்று ஒரு பொத்தான் தேவை. ஒன்றுமே வராமல் நின்றிருந்தால் மேலே உள்ள பகுதியின் நீளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கதை முடிந்துபோயிருக்கும்.